நடுத்தூணின் பங்கு

ராயபுரம் கிடங்கின் நடுத்தூணில் வெடிப்பு விழுந்ததும், இன்ஜினியர் இருதயராஜ் கொத்தனார் அந்தோணிமுத்துவை ஆட்கள் முன்னாலேயே கிழித்தெடுத்தார். "கலவையில என்னய்யா, மண்ணையா கொட்டின?"

வாரக் கடைசியில் பாரக் கணக்கைத் திரும்பப் பார்த்தபோதுதான் இருதயராஜுக்கு உறைத்தது. மூன்று தூண்கள் மேல் போகும் உத்தரம், நடுத்தூணில் வந்து சேரும் இரண்டு துண்டு என்று வைத்து, மொத்தப் பாரமான பதினாறு டன்னில் பாதியை, எட்டு டன்னை, நடுத்தூணுக்கு எழுதியிருந்தார். நீளமான இரும்பு உத்தரம் கிடைத்ததும், வெட்டாமல் ஒரே துண்டாக ஏற்றச் சொன்னதும் அவரேதான்.

நடுத்தூண் இல்லாவிட்டால் உத்தரம் எவ்வளவு தொய்யும்? அந்தத் தொய்வு முழுவதையும் மேலே தள்ளி நிமிர்த்த எவ்வளவு விசை வேண்டும்? போட்டுப் பார்த்தார். நடுத்தூண் தாங்குவது பத்து டன். ஓரத்தூண்களுக்குத் தலா மூன்றுதான். காது மடல் சுட்டது.

விடிந்ததும் கிடங்குக்கு ஓடினார். உத்தரத்துக்கு மரமுட்டு கொடுத்து, பழைய தூணை இடித்துவிட்டு, அதே அளவில் புதுத்தூணை மார்பளவு எழுப்பியிருந்தார் அந்தோணிமுத்து.

"கோச்சிக்காத சார், தப்பு நம்ம கையில தான். இந்த வாட்டி கலவைய நானே போட்டுகினு கீறேன்."

"இதையும் இடிச்சிடுப்பா" என்றார் இருதயராஜ். புதுத்தூணின் அகலத்தைச் சாண் போட்டு அளந்தார்.

அந்தோணிமுத்து கரண்டியைக் கீழே வைத்தார்.

"இந்தக் கலவையும் சரியில்லியா சார்?"