உண்மை உரிமையாளர் யார்?

வங்கி மேசையில் மலை மலையாய்க் காகிதங்கள்: கம்பெனிப் பதிவுச் சான்று, கணக்குத் திறக்க இயக்குநர்கள் போட்ட தீர்மானம், ஊரே அடங்கும் அளவுக்கு அடையாள அட்டைகள். புது இயக்குநரான சின்ன மருமகளுக்குக் கடைசித் தாளை விளக்கினார் அதிகாரி.

“பங்கு யார் பேர்ல இருந்தாலும் சரிம்மா, கம்பெனியை உண்மையில ஆட்டிவைக்கிறவர் பேரை எழுதணும். பொய்னா, கையெழுத்துப் போட்ட நீங்கதான் மாட்டுவீங்க.”

அவர் நகலெடுக்க எழுந்து போனதும், பக்கத்திலிருந்த கணவரின் அண்ணனிடம் திரும்பினாள்.

“மாமா, அப்போ உங்க பேருதானே?”

“ஏற்கெனவே ஒரு கம்பெனியைக் கவுத்தவன் நான், என் பேரைப் பார்த்தா கதவைச் சாத்திடுவாங்க. உன் பேரை எழுது. உன் புருஷன் வேலை என் கையில.”

அதிகாரி திரும்பி வந்தார். “எல்லா முடிவும் நீங்கதானே எடுக்கறீங்க?”

வீட்டில் தேநீருக்குச் சர்க்கரை போடவே அனுமதி கேட்டு நிற்பவள், “ஆமா சார்” என்று கையெழுத்துப் போட்டாள்.