பன்னிரண்டு மில்லியன், இரண்டு கமா

வெள்ளிக்கிழமை பன்னிரண்டே காலுக்கு யதுஷாவின் வேலை இரண்டு கமாவில் தொங்கிக்கொண்டிருந்தது.

சென்னையில் செய்த பில் போடும் மென்பொருளை இலங்கைக் கடைகளுக்கு ஏற்ப மாற்றிக் கொடுப்பதுதான் அவளுடைய வெள்ளவத்தை அலுவலகத்தின் தொழில். கொட்டாஞ்சேனையில் டைல்ஸும் வாஷ்பேசினும் மொத்தமாக விற்கும் புவாத் நானா முதல் வாடிக்கையாளர். அவர் ஓம் என்றால் அவளுக்கு வேலை நிரந்தரம். இல்லாவிட்டால் மாதக் கடைசியோடு சரி. முதலாளி அதை முகத்துக்கு நேரேயே சொல்லிவிட்டார். நல்ல மனுஷன்!

ஆங்கில பில் அழகாக அச்சாகி வந்தது. 12,750,000.00. கீழே, எழுத்தில், மில்லியன் கணக்கு. நானா தலையாட்டினார். அதோடு விட்டிருக்கலாம். மொழிப் பொத்தானைத் தமிழுக்குத் தட்டினார்.

1,27,50,000.00. ஒரு கோடியே இருபத்தேழு இலட்சத்து ஐம்பதாயிரம்.

"ஒரே சாமான், ரெண்டு பில்லு, ரெண்டு மாதிரியா?" என்றார் நானா. "போன மாசம் கையால இப்பிடிக் கமா போட்டு எழுதின பில்ல கொம்பனித்தெரு பில்டிங்காரன் திருப்பி அனுப்பிட்டான் தங்கச்சி. நான் ஜும்ஆத் தொழுகைக்குப் போயிட்டு ஒண்டரைக்கு வாரன். அதுக்குள்ள சரியாக்குங்க, இல்லாட்டி மெஷினக் கொண்டு போங்க."

தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். யதுஷா மொழி அமைப்பைத் திறந்து பார்த்தாள். 'தமிழ் - இந்தியா'. அடக் கடவுளே, இவ்வளவுதானா! 'தமிழ் - இலங்கை' என்று மாற்றிவிட்டுச் சிரித்தாள்.

1,27,50,000.00.

சிரிப்பு செத்துப்போனது. நாட்டை மாற்றியும் கமா அசையவில்லை. பட்டியலில் இருந்த மற்றத் தமிழ்களையும் ஆத்திரத்தோடு தட்டினாள். சிங்கப்பூர்.

12,750,000.00.

"அக்கா!" என்று கதிரையை விட்டே எழும்பிவிட்டாள். பக்கத்தில் இருந்து பில் எழுதும் ஷஹீமா திடுக்கிட்டுத் தேநீரைச் சிந்தினாள்.

"என்ன பிள்ள, கரண்ட் அடிச்சிட்டா?"

"இலங்கைத் தமிழ் எண்டு போட்டாலும் இது இந்தியாவின்ர கமாவைத்தான் கடன் வாங்குது அக்கா! சிங்கப்பூர்த் தமிழோ மூண்டு மூண்டாப் பிரிக்குது!"

ஆனால் சிங்கப்பூரில் ரூபாவுக்குப் பதில் எல்.கே.ஆர். என்ற ஆங்கிலக் குறி முன்னால் நின்றது. அதனால் அவள் யாரிடமும் கடன் வாங்கவில்லை. இலங்கையையே தெரிவுசெய்து, மும்மூன்று இலக்கமாகப் பிரிக்கும் வடிவத்தைத் தன் கையாலேயே எழுதினாள். முன்னால் 'ரூ.' என்றும் போட்டாள். மணி பன்னிரண்டு ஐம்பது. அவளுக்குப் பாடவேண்டும் போலிருந்தது.

மிச்சம் எழுத்து வரி. அவசரத்தில் சொற்பட்டியலில் 'கோடி' இருந்த இடத்தில் 'மில்லியன்' போட்டு அச்சடித்தாள். ஷஹீமா தாளை வாங்கிக் கண்ணை இடுக்கினாள்.

"ஒரு மில்லியனே இருபத்தேழு இலட்சமா? ஒரு கோடி எண்டா பத்து மில்லியன் பிள்ள. நானாட ஒம்பது மில்லியன நீங்க திண்டுட்டீங்க!"

யதுஷா தாளைப் பிடுங்கிப் பார்த்தாள். சொல்லை மாற்றினால் போதாது, தொகையையே வேறு இடத்தில் வெட்டவேண்டும். இலட்சம் என்ற படியைத் தூக்கி எறிந்தாள். வலப்பக்கத்திலிருந்து மூன்று மூன்றாக வெட்டி, நடுத் துண்டுக்கு ஆயிரம், இடப்பக்கத் துண்டுக்கு மில்லியன் என்று விதி எழுதினாள். ஒரு இலட்சத்தைக் கொடுத்துப் பார்த்தாள். 'நூறாயிரம்' என்று வந்தது. ஷஹீமா கேட்ட தொகைகள் எல்லாம் சரியாக விழுந்தன. கடைசியாக அந்த பில்.

பன்னிரண்டு மில்லியன் எழுநூற்று ஐம்பதாயிரம் ரூபா மட்டும்.

இருவரும் சின்னப் பிள்ளைகள் மாதிரிக் கை தட்டினார்கள்.

ஒன்று இருபத்தெட்டுக்கு நானா வந்தார். ஆங்கிலத் தாளையும் தமிழ்த் தாளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து வெளிச்சத்தில் பிடித்தார். கமாவின் மேல் கமா விழுந்தது. கொம்பனித்தெரு பில்டிங்காரனுக்குத் தொலைபேசி எடுத்தார்.

"பில் ரெடி. ஒரு கோடி இருபத்தேழரை லட்சம்."

யதுஷாவுக்கு உயிர் போய் வந்தது. இவ்வளவு பாடுபட்டு விரட்டிய கோடி, இந்த மனுஷன் வாயிலேயே குந்தியிருக்கிறதே! அவருக்குக் கோடிதான் வேண்டுமென்றால்?

"கோடியாத்தான் வேணுமெண்டா மாத்தித் தாறன் நானா," என்றாள்.

"ஐயோ, தொடாதீங்க!" நானா தாளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். "நான் கதைக்கிறத விடுங்க. அவன்ட கையில போறது இதுதானே. என்ட மத்த ரெண்டு கடைக்கும் திங்கக்கிழமை இதே மெஷினப் பூட்டித் தாங்க."

யதுஷா முதலாளிக்குப் போன் எடுத்தாள். அவர் "என்ன நடந்தது? என்ன நடந்தது?" என்று கத்திக்கொண்டே இருந்தார். அவளுக்கோ அழுகையும் சிரிப்புமாக வந்தது. கடைசியில் ஷஹீமாதான் போனை வாங்கினாள்.

"பிள்ளைக்கு வேல நிரந்தரம் எண்டு நீங்க சொல்லுங்க, அதுக்குப் பொறகு நான் சொல்றன்."