எண்பத்தேழாம் எண் மேசை

"கோட்டு எடுத்துக்கிட்டியா?"

"எடுத்துக்கிட்டேன்."

"கையுறை?"

"கோட்டுப் பையில இருக்கு."

"சரி."

"வேற ஏதாவது சொல்லணுமா ஹில்க்கா?"

"ரோடு வழுக்கும். பார்த்து ஓட்டு."

ஒன்றரை வருடத்துக்கு முன் ஒரு மார்ச் காலையில், வாசல் கதவைப் பாதி திறந்து பிடித்தபடி கணவன் வெய்க்கோவும், காபிக் கோப்பையைக் கையில் வைத்தபடி ஹில்க்காவும் பேசிக்கொண்ட கடைசிப் பேச்சு இவ்வளவுதான். வேறு ஏதாவது சொல்லணுமா என்று கேட்டவன் கதவைச் சாத்தாமல் கொஞ்ச நேரம் நின்றான். பனிக்காற்று கூடம் வரைக்கும் வந்தது. ஹில்க்கா ஒரே ஒரு சொல்லைச் சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் அவளுடைய கைபேசி ஒலித்தது. மூன்றாம் மாடியில் தண்ணீர்க் குழாய் உறைந்துவிட்டதாம். அவள் பேசி முடித்துத் திரும்பியபோது கதவு சாத்தியிருந்தது. அவன் பிறகு அந்த வீட்டுக்குத் திரும்பவில்லை.

ஊலு நகரின் மாணவர் விடுதி ஒன்றுக்கு ஹில்க்கா இருபது வருடமாகப் பொறுப்பாளர். "நூத்தி இருபது பேருக்கு உன்கிட்ட நேரம் இருக்கு. நூத்தி இருபத்தொண்ணாவது ஆளுக்குத்தான் இல்ல," என்று வெய்க்கோ சொன்னபோது அவள் சிரித்துவிட்டாள். அவன் வேலை பார்த்த ஆலையை மூடிய வருடம் அது. நாள் முழுக்க அவன் வீட்டில் தனியாக இருந்தான். அந்தச் சிரிப்பை அவள் பிறகு எத்தனையோ முறை திரும்ப எண்ணிப் பார்த்தாள்.

இந்த வருடம் செப்டம்பர் கடைசிச் சனிக்கிழமை. புது மாணவர்கள் விடுதியின் பொதுக்கூடத்தில் வந்து உட்கார்ந்திருந்தார்கள். வெளியே பிர்ச் மரங்கள் மஞ்சளாகிவிட்டன. ஜன்னலோரம் இரண்டு பேர் இன்னமும் அரைக்கைச் சட்டையோடு இருந்தார்கள்.

"குளிர்காலத் துணியை மலிவா எப்படி வாங்குறதுன்னு கால்மணி நேரம் சொல்லப்போறேன்," என்று ஹில்க்கா ஆரம்பித்தாள். "தூங்குறவங்க தூங்கலாம். ஜனவரியில முழிச்சுக்குவீங்க."

"மேடம், தள்ளுபடி எப்போ வரும்?" என்று கேட்டான் ஸ்டெலியோஸ். கிரீட் தீவுக்காரன், வந்த ஒரு மாதத்தில் விடுதிக்கே விளையாட்டுப் பிள்ளையாகிவிட்டவன்.

"பெரிய தள்ளுபடி கிறிஸ்துமஸ் முடிஞ்சதும் வரும். அதுவரைக்கும் காத்திருந்தா கோட்டு பாதி விலைக்குக் கிடைக்கும், காது ரெண்டும் போயிருக்கும். மேடம்னு கூப்பிடாதே, என் பேரு ஹில்க்கா."

சிரிப்பு அடங்கியதும் அவள் தொடர்ந்தாள். கோட்டையும் பூட்ஸையும் இப்போதே பழஞ்சாமான் கடையில் வாங்கிவிட வேண்டும். உடம்பை ஒட்டிப் போடும் கம்பளி உள்ளாடையை மட்டும் புதிதாக வாங்குவது நல்லது. போன வருடத்து மிச்சச் சரக்கை விளையாட்டுச் சாமான் கடைகள் இப்போது குறைந்த விலைக்குத் தள்ளிவிடும். பருத்தியை உள்ளே போடக்கூடாது. வேர்வையில் நனைந்தால் காயாது, உடம்புச் சூட்டைக் குடித்துவிடும். பூட்ஸ் ஓர் அளவு பெரிதாக இருக்க வேண்டும்.

"காலுக்குக் கச்சிதமா இருக்கு, அழகா இருக்குன்னு வாங்காதீங்க. தடிச்ச காலுறைக்கும் கொஞ்சம் காத்துக்கும் உள்ளே இடம் வேணும். காத்துதான் சூடு. பழைய பூட்ஸா இருந்தா அடிப்பாகத்தைக் கட்டைவிரலால அழுத்திப் பாருங்க. வருஷக்கணக்கா அலமாரியில கிடந்தது வெளியே புதுசு மாதிரி இருக்கும். ரெண்டு நாள் நடந்தா பிஸ்கட் மாதிரி நொறுங்கும்."

"நான் நேத்தே ஒரு கோட்டு வாங்கிட்டேன்," என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. போர்த்துகலிலிருந்து வந்திருக்கும் பெனெதீதா. "ஆம்பளைங்க கோட்டு. எனக்குக் கொஞ்சம் பெருசு. நல்லதான்னு பார்த்துச் சொல்றீங்களா?"

"கொஞ்சமா? அதுக்குள்ள ரெண்டு பெனெதீதா குடியிருக்கலாம்," என்றான் ஸ்டெலியோஸ்.

"வாடகை குடுத்தா உனக்கும் இடம் தரேன், வா."

"நல்லதாப் போச்சு. கொண்டா இங்கே, எல்லாரும் பார்க்கட்டும்," என்றாள் ஹில்க்கா.

கோட்டு கை மாறி மாறி முன்னால் வந்தது. கரும்பச்சை நிறம், முழங்கால் வரை நீளம், உட்புறம் கம்பளித் துணி. இந்த ஊரில் பத்தில் ஒருவர் போடும் கோட்டுதான். ஹில்க்கா அதை உள்பக்கம் வெளியே வரும்படி புரட்டி ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தாள்.

"இப்படிப் பிடிங்க. ஊசித்துளை மாதிரி வெளிச்சம் தெரிஞ்சா பூச்சி அரிச்சிருக்குன்னு அர்த்தம். இதுல இல்ல. இல்லாட்டியும் பையில போட்டு ஃப்ரீசர்ல ஒரு வாரம் வைங்க, முட்டை இருந்தாலும் செத்துரும். அடுத்தது ஜிப். ஒரு தடவை இழுத்துப் பார்த்தா போதாது, பத்துத் தடவை இழுக்கணும்."

ஜிப் பத்துத் தடவையும் சிக்காமல் ஓடியது. "கடைசியா எல்லாப் பையிலயும் கைவிட்டுப் பாருங்க. கிழிசல் அங்கேதான் ஒளிஞ்சிருக்கும்," என்றபடி வலப்பக்கப் பையில் கையை விட்டாள்.

விரலில் ஒரு கயிறு தட்டுப்பட்டது.

வெளியே இழுத்தாள். பைத் துணியோடு ஊக்கு குத்தியிருந்தது. ஊக்கிலிருந்து சிவப்புக் கம்பளியில் பின்னிய கயிறு, கயிற்றின் நுனியில் ஆந்தை வடிவ ரிஃப்ளெக்டர். இருட்டுக்காலத்தில் வண்டிக்காரர்களுக்குத் தெரியும்படி ஊரே கோட்டுக்கு வெளியே தொங்கவிட்டு நடக்கும், விளக்கு பட்டால் மின்னும் சாதாரணத் தகடு. உள்ளே வந்ததும் பைக்குள் தள்ளிவிடுவார்கள். கோட்டை விற்கும்போது அதை எடுக்க மறப்பதும் ஊர் வழக்கம்தான். ஆனால் அந்தச் சிவப்புக் கயிறு, வெய்க்கோவின் கையுறைக்குப் பின்னியது போக மிஞ்சிய நூலில் அவள் பின்னியது. நடுவில் நூல் போதாமல் போனதால் கடைசி இரண்டு விரற்கடை மட்டும் சாம்பல் நிறம்.

"கிழிஞ்சிருக்கா?" என்று பெனெதீதா கவலையோடு கேட்டாள்.

ஹில்க்கா பைத் துணியை விரலால் தடவிப் பார்த்தாள். "இல்லம்மா. நல்ல கோட்டு. முப்பது வருஷம்கூட உழைக்கும்."

கழுத்துப்பட்டியில் விலைச்சீட்டு இன்னும் ஒட்டியிருந்தது. விலைக்குக் கீழே மேசை எண்: 87. அந்தப் பழஞ்சாமான் கடையில் யார் வேண்டுமானாலும் ஒரு மேசையை ஒரு வாரத்துக்கு வாடகைக்கு எடுத்துத் தங்கள் பொருளைப் பரப்பலாம். விற்பவர் அங்கே நிற்க வேண்டியதில்லை, கல்லாவில் இருப்பவள் பார்த்துக்கொள்வாள்.

"அந்த மேசையில வேற என்ன இருந்துச்சு?" என்று ஹில்க்கா கேட்டாள்.

"எல்லாமே குளிர்காலத்துதான். பனிச்சறுக்குக் கால்சட்டை, பூட்ஸ், ரோமத் தொப்பி, காலுறைகூட இருந்துச்சு. யாரோ மொத்தமாக் காலி பண்றாங்க போல."

கோட்டு மாற்றுபவன் ஒரு கோட்டு விற்பான். உடல் பருத்தவன் கால்சட்டை விற்பான். காலுறை வரைக்கும் விற்கிறவன் குளிர்காலத்தையே விட்டுப் போகிறான். இருபது வருடமாகப் பழந்துணியைப் பார்த்துப் பழகிய ஹில்க்காவுக்கு இதை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. வெய்க்கோவின் அண்ணன் ஸ்பெயினில் கடலோரமாகக் குடியிருந்தான். வந்துவிடு, வந்துவிடு என்று வருடத்துக்கு இரண்டு முறை கூப்பிடுவான். "எனக்குப் பனி இல்லாம தூக்கம் வராது," என்று வெய்க்கோ மறுத்துக்கொண்டே இருந்தான்.

அவள் ரிஃப்ளெக்டரைப் பழையபடி பைக்குள் வைத்து, கோட்டை மடித்து நீட்டினாள்.

பெனெதீதா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "உங்களுக்குத் தெரிஞ்சவங்க கோட்டா ஹில்க்கா? வேணும்னா வச்சுக்குங்க. நான் வேற பார்த்துக்கறேன்."

"வேண்டாம். குளிரப்போறது உனக்கு. நவம்பர்ல அந்த ஆந்தையை வெளியே தொங்கவிடாம ரோட்டுல நடக்காதே."

மீதிப் பேச்சை அவள் சொல்லித்தான் முடித்தாள். என்ன சொன்னாள் என்பது அவளுக்கே நினைவில்லை.

மாணவர்கள் கலைந்ததும் கடைக்குத் தொலைபேசியில் பேசினாள். எண்பத்தேழாம் எண் மேசை என்றைக்குக் காலியாகிறது என்று மட்டும் கேட்டாள்.

"நாளைக்கு. நாலு மணிக்குக் கடை சாத்துறோம், அதுக்குள்ள வந்து மிச்சத்தை எடுத்துரணும். உங்களுக்கு அந்த மேசை வேணுமா?" என்றாள் கடைக்காரி.

"பார்க்கணும்," என்றாள் ஹில்க்கா.

ஞாயிற்றுக்கிழமை மூன்றரை மணிக்கு அவள் கடைக்குள் நுழைந்தபோது வெய்க்கோ குனிந்து, வாழைப்பழப் பெட்டி ஒன்றில் சாமான்களை அடுக்கிக்கொண்டிருந்தான். இளைத்திருந்தான். பின்னந்தலை முடியைத் தானே வெட்டிக்கொண்டிருக்கிறான் என்பது பார்த்ததுமே தெரிந்தது. ஒரு பக்கம் ஏறியும் ஒரு பக்கம் இறங்கியும் இருந்தது. மேசையில் பூட்ஸும் தொப்பியும் மிச்சமிருந்தன.

என்ன பேசுவது என்று தெரியாமல் ஹில்க்கா பூட்ஸை எடுத்து அடிப்பாகத்தைக் கட்டைவிரலால் அழுத்தினாள். விளிம்பு பொடிந்து விரலில் ஒட்டியது.

"இதை விக்காதே. வாங்குற பிள்ளைங்க பாவம்."

வெய்க்கோ நிமிர்ந்தான். முகத்தில் ஆச்சரியம் வந்து, மெல்ல அடங்கியது.

"வந்ததும் வராததுமாப் பாடமா?"

"இருபது வருஷப் பழக்கம்."

"எனக்குத்தான் ஒரு நாளும் எடுத்ததில்ல." குற்றம் சொல்லும் குரல் இல்லை, களைத்த குரல். பூட்ஸை அவள் கையிலிருந்து வாங்கிக் குப்பைத் தொட்டி பக்கம் வைத்தான். "வியாழக்கிழமை கிளம்பறேன். அண்ணன் வீட்டுல ஒரு அறை இருக்கு. அங்கே ஒரு மேல்சட்டை போதுமாம்."

"பனி இல்லாம உனக்குத் தூக்கம் வராதே."

"பனி இருந்தும் ஒண்ணரை வருஷமா வரலையே."

பக்கத்து மேசைக்காரி தன் குழந்தைத் துணிகளைப் பைக்குள் திணித்துக்கொண்டிருந்தாள். ஹில்க்கா ரோமத் தொப்பியை எடுத்து, பிறகு இருந்த இடத்திலேயே வைத்தாள்.

"கோட்டு வித்துருச்சு," என்றான் வெய்க்கோ.

"தெரியும். எங்க விடுதிப் பொண்ணுதான் வாங்கியிருக்கா. நேத்து எல்லார் முன்னாடியும் நான்தான் பிரிச்சுப் பார்த்தேன்." அவள் குரல் இறங்கியது. "பையில ஆந்தை இருந்துச்சு."

அவன் கைகள் பெட்டியின் மேல் நின்றுவிட்டன.

"சீட்டு ஒட்டும்போது கழட்டப் பார்த்தேன்," என்றான் மெதுவாக. "ஊக்கு துருப்பிடிச்சிருந்துச்சு. இல்ல, அது பொய். ஊக்கு நல்லாத்தான் இருந்துச்சு."

கூரையிலிருந்த ஒலிபெருக்கி, கடை சாத்த இன்னும் பத்து நிமிடம் இருக்கிறது என்றது. மேசை எடுத்தவர்கள் தயவுசெய்து காலி செய்ய வேண்டுமாம். வெய்க்கோ பெட்டியின் மூடியைப் போட்டு, இரண்டு கைகளாலும் தூக்கினான். தூக்கியவன் நகரவில்லை. அன்றைக்குக் கதவைப் பிடித்தபடி நின்ற அதே நிற்பு.

"வேற ஏதாவது சொல்லணுமா ஹில்க்கா?"

அவளுடைய கோட்டுப் பைக்குள் கைபேசி அதிர்ந்தது. விடுதியிலிருந்துதான் இருக்கும். அவள் அதைப் பார்க்கவில்லை. பைக்குள் கைவிட்டு அணைத்தாள். வெளிக்கதவு யாருக்கோ திறந்து, முதல் குளிர் உள்ளே வந்து இருவர் காலையும் தொட்டது.

"போகாதே வெய்க்கோ," என்றாள் ஹில்க்கா. "என் கூடவே இரு."