இதர செலவு

கழுத்திலிருந்து தோள்பட்டை வரை கட்டை வைத்துக் கட்டினாற்போல் வலித்தது. ஒரு பக்கம் மொழிபெயர்த்து முடிப்பதற்குள் அவள் இரண்டு முறை எழுந்து ஜன்னல்வரை போய் வந்தாள். மாலை ஐந்துக்குள் சங்கத்தின் நிதி விண்ணப்பம் ஆங்கிலத்தில் அறக்கட்டளைக்குப் போயாக வேண்டும். போகாவிட்டால் காற்று மெத்தைகள் கிடையாது.

சங்கத்தை நடத்துபவர் மேஸ்திரி. கட்டடச் சாரத்திலிருந்து விழுந்து இடுப்புக்குக் கீழே உணர்வு போனவர். அவரைப்போல் விழுந்து படுத்தவர்களுக்காகத்தான் சங்கம். விண்ணப்பத்தில் 'தேவை' என்ற பகுதியில் இரண்டு பக்கத்துக்குக் கண்ணீராக எழுதியிருந்தார்.

"அண்ணே, இதை அப்படியே இங்கிலீஷ்ல மாத்தினா பிச்சை கேக்கற மாதிரி இருக்கும். மெத்தை இல்லேன்னா என்ன ஆகும், அதைச் சொல்லுங்க."

"புண்ணு வரும். எலும்பு தெரியற அளவுக்கு."

"போன வருஷம் எத்தனை பேருக்கு?"

"முப்பத்திரண்டுல பத்தொம்போது. எல்லாரும் ஆஸ்பத்திரியில கெடந்தாங்க. அந்தச் செலவுல ஆளுக்கு ரெண்டு மெத்தை வாங்கிருக்கலாம்."

அதைத்தான் முதல் வரியாக வைத்தாள். அழுகை எல்லாம் வெளியே போனது.

"பத்தொம்போது பேருக்கு இருபது மெத்தை ஏன்னு கேப்பாங்களே?"

"ஒண்ணு ஓட்டையாச்சுன்னா ஆளைத் தரையிலயா போடறது? நீ வந்து ஊதுவியா?"

சிரித்துக்கொண்டே 'ஒன்று மாற்றுக்கு' என்று காரணம் எழுதினாள். விலை, எண்ணிக்கை, பெருக்கல் எல்லாம் சரி. கடைசி வரிதான் உதைத்தது. இதர செலவு என்று ஒரு தொகை. எதற்கென்று பிரித்துச் சொல்லாத தொகையை ஏற்பதில்லை, பணம் அனுமதிக்கும் தேதிக்கு முந்தைய செலவையும் ஏற்பதில்லை என்று விதியில் தெளிவாக இருந்தது.

"இது என்னண்ணே?"

மேஸ்திரி சக்கர நாற்காலியை முன்னும் பின்னும் உருட்டினார்.

"உன் மொழிபெயர்ப்புக் கூலிதான் தங்கச்சி. அப்படியே போட்டா ஏத்துக்க மாட்டாங்க. பயிற்சின்னு போட்டுடு."

வீட்டுக்காரம்மா காலையில்தான் வாடகைக்கு வாசலில் நின்றிருந்தாள். அவள் 'பயிற்சி' என்று அடித்தாள். யாருக்கு, எத்தனை நாள் என்ற கட்டம் காலியாக நின்றது. இன்னொரு பொய் அடிக்க வேண்டும், பிறகு அதற்கொன்று. யாராவது ரசீது கேட்டால் மெத்தையும் சேர்ந்து போகும்.

எழுந்தாள், உட்கார்ந்தாள், திரும்ப எழுந்தாள்.

"என்ன, எறும்பு கடிக்குதா?"

"சும்மா இருங்கண்ணே."

உட்கார்ந்து வரியை அழித்தாள். கூட்டுத்தொகை குறைந்தது. அட்டவணையில் மட்டும் மாற்றிவிட்டு அனுப்பப் போனவள், சுருக்கத்திலும் முகப்புத் தாளிலும் பழைய தொகையே நிற்பதைக் கண்டு மறுபடி திறந்தாள். மூன்று இடமும் ஒன்றானதும் அனுப்பினாள்.

"அழிச்சிட்டியா?" மேஸ்திரி குரல் இறங்கியிருந்தது.

"ஆமா."

"குடுத்துடுவேன் தங்கச்சி."

"போன தடவையும் இதையேதான் சொன்னீங்க."

விண்ணப்பம் போய்ச் சேர்ந்ததாகப் பதில் வந்தது. இந்த விண்ணப்பத்துக்கும் போன வருஷத்து விண்ணப்பத்துக்குமான மொழிபெயர்ப்புக் கூலியை மேஸ்திரி அவளுக்கு இன்னும் தரவில்லை.