வாளிக்குக் கைப்பிடி சந்திரன்

எங்க மாமா சொக்கநாதனுக்கு ரிட்டயர் ஆனதிலிருந்து வருஷத்துக்கு ஒரு கிறுக்கு. ஒரு வருஷம் தேனீ வளர்த்தார், செல்லூர்ல எங்க தெருவே கொட்டு வாங்குச்சு. அடுத்த வருஷம் ஹோமியோபதி. இந்த வருஷம் யூடியூப் பார்த்து வெள்ளைக்காரன் ஜோசியம். அதுல என் கல்யாணம் போய் மாட்டிக்கிருச்சு.

மாப்பிள்ளை சமயநல்லூர் ஜெயபாண்டி. எனக்குப் பிடிச்சுப்போச்சு, இதுல மறைக்க என்ன இருக்கு? பத்துப் பொருத்தத்துல எட்டு இருக்குன்னு எங்க ஜோசியரும் சொல்லிட்டார். வெள்ளிக்கிழமை பூ வைக்க வாரதாப் பேச்சு. ஆனா அப்பா போனபிறகு என்னைப் படிக்க வச்சது மாமா. அவர் சரின்னு சொல்லாம அம்மா ஒரு வெத்தலைகூட வாங்காது. மூணு வாரமா மாமா சொல்லல.

"பையன் ஜாதகம் சீசா பலகை, ஈஸ்வரி" என்றார். "கிரகமெல்லாம் பாதி வட்டத்துக்குள்ள அடங்குனா கிண்ணம். தன்னிறைவான ஆளு. எதிர்ப்பக்கம் ஒண்ணே ஒண்ணு தனியா நின்னா வாளி. அதுதான் கைப்பிடி, மொத்தச் சக்தியும் அது வழியாத்தான் போகும். வட்டம் பூரா பரவிக் கிடந்தா சிதறல், எல்லாத்துலயும் ஆசை. ரெண்டு கூட்டமாப் பிரிஞ்சு எதிரெதிரா நின்னு, நடுவுல ரெண்டு பக்கமும் ரெண்டு ராசிக்குக் குறையாம காலியா இருந்தா சீசா. இவனைப் பாரு. துலாத்துலருந்து கும்பம் வரை ஒரு கூட்டம். இந்தப் பக்கம் ரிஷபத்துல கேது, மிதுனத்துல மாந்தி, கடகத்துல சந்திரன். காலையில கட்டிக்கிறேம்பான், சாயந்தரம் யோசிக்கணும்பான்."

எனக்கு வந்துச்சே கோவம்! நான் கணக்கு டீச்சர். அவர் பார்த்த வீடியோவையே உக்காந்து முழுசாப் பார்த்தேன். ஞாயித்துக்கிழமை காம்பஸ், பாகைமானியோட மாமா வீட்டுக்குப் போயிட்டேன்.

"மாமா, உங்க வீடியோ ஆளு எத்தனை கிரகத்தை எண்ணுறார்?"

"பத்து."

"நீங்க எண்ணுனது?"

விரல் விட்டார். ராகு, கேது, மாந்தியெல்லாம் சேர்த்து மாமாவுக்கும் பத்து வந்துச்சு.

"அங்கதான் கோட்டை விட்டீக. அந்தப் பத்து, சூரியன் முதல் சனி வரை ஏழு, அப்புறம் யுரேனஸ், நெப்டியூன், புளூட்டோ. ராகு கேதுவுக்கு அதுல இடமே இல்ல. அது ரெண்டும் எப்பவும் நூத்தியெண்பது பாகைல எதிரெதிரா நிக்கும். அதையும் எண்ணுனா, காலசர்ப்ப ஜாதகத்தை விட்டா உலகத்துல ஒருத்தருக்காவது கிண்ணம் அமையுமா, நீங்களே சொல்லுங்க?"

மாப்பிள்ளை பிறந்த தேதிக்குப் பத்தையும் கணக்குப் பண்ணிக் கொண்டுபோயிருந்தேன்.

வட்டம் போட்டேன். தைப்பூசத்துப் பிறப்பு. துலாத்துல குரு, விருச்சிகத்துல புளூட்டோ, தனுசுல யுரேனஸும் நெப்டியூனும், மகரத்துல சூரியன், செவ்வாய், சுக்கிரன், புதன், கும்பத்துல சனி. ஒன்பதும் நூத்தியாறு பாகைக்குள்ள அடங்கிருச்சு. எதிர்ல கடகத்துல சந்திரன் மட்டும் ஒத்தையா.

"அயனாம்சம்?" என்றார், விடாம.

"வெள்ளைக்காரன் ராசிக்கும் நம்ம ராசிக்கும் உள்ள அந்த வித்தியாசம் எல்லாத்தையும் சேர்த்து ஒரே அளவு நகத்தும். ராசி மாறும், வடிவம் மாறாது."

"அட, வாளி!" மாமா துள்ளி எந்திரிச்சார். "கைப்பிடி சந்திரன்! சந்திரன்னா தாய். அம்மா சொல்லாம பச்சத்தண்ணி குடிக்க மாட்டானே! போச்சு!"

தோத்த மனுசன் மாதிரியா இருக்கு? கையோட மாமா ஜாதகத்தையும் வாங்கிப் பத்தையும் வட்டத்துல வச்சேன். கேதுதான் என் கைப்பிடி, ஞானத்துல குவியுற வாளின்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சவருக்கு ஒன்பது ராசில கிரகம். அப்பட்டமான சிதறல்.

"தேனீ, ஹோமியோபதி, ஜோசியம்... சரியாத்தானே இருக்கு மாமா?"

அடுப்படில அத்தை சிரிச்ச சிரிப்புல மாமா மூஞ்சி தொங்கிருச்சு. ஆனா பிடியை விடல. "என்னைய விடு. அம்மா பேச்சைக் கேக்குறவனை வச்சுக்கிட்டு நீ என்ன பண்ணுவ?"

அதுக்கும் ஒரு நக்கல் தயாரா வச்சிருந்தேன். வரல. வேற ஒண்ணு வந்துச்சு.

"கேட்டுட்டுப் போறார், மாமா. என் சம்பளம் எனக்கு, என் வயசு இருபத்தெட்டு. நான் சரின்னு சொன்னா யாரு தடுக்க முடியும்? இருந்தும் மூணு வாரமா உங்க வாயையே பார்த்துக்கிட்டு இருக்கேன். உங்க மனசு நோகக்கூடாதுன்னுதான். அவர் அம்மாவுக்கு அப்படின்னா, நான் உங்களுக்கு அப்படி. அவரை மட்டும் எப்படிக் குறை சொல்லுவேன்?"

சொல்லும்போதே எனக்கு அழுகை வந்துருச்சு. மாமா அந்த வட்டத்தை மடிச்சு வச்சார். பிறகு போனை எடுத்து, அவரே சமயநல்லூருக்கு அடிச்சார்.

"சம்பந்திம்மா, நான் பாண்டீஸ்வரி மாமா பேசுறேன். வெள்ளிக்கிழமை வாங்க. காக்க வச்சது எங்க தப்பு... பிள்ளை மேல ஒரு குறையும் இல்ல தாயி. இவளை அனுப்ப எனக்குத்தான் மனசு வரல."