சுன்னத்துக்கு யார் பிடிப்பது

பையனுக்கு ஏழு வயது முடிந்துவிட்டது. ஐந்திலேயே சுன்னத் செய்திருக்க வேண்டியது, சளி, காய்ச்சல் என்று தள்ளித் தள்ளிப் போனது. "பத்தைத் தாண்டினா பிள்ளை வெட்கப்படும்" என்று பையனின் அம்மா நச்சரிக்க ஆரம்பித்தாள். பள்ளிக்கூடம் லீவு விட்டதும் அவள் கணவன், லிஃப்ட் மெக்கானிக், ஒரு வாரம் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு எல்லாவற்றையும் தானே ஏற்பாடு செய்தான்.

வீட்டுக்கு ஆளைக் கூப்பிட்டுச் செய்யும் பழக்கம் இப்போது குறைந்துவிட்டது. தெருமுனை கிளினிக்கில் ஒரு டாக்டர் செய்கிறார். இரத்தம் உறைகிறதா என்று முன்கூட்டியே பரிசோதனை எடுத்தான். இடுப்பில் இறுக்காத இரண்டு கைலி வாங்கினான். பையனிடம் பொய் சொல்லவில்லை. "முன்னால இருக்கிற தோலைக் கொஞ்சம் எடுப்பாங்க. ஊசி சுருக்குனு இருக்கும். அப்புறம் மரத்துப் போயிடும்" என்றான்.

"அத்தா, நீ உள்ள வருவியா?"

"கையைப் பிடிச்சுக்கிட்டே நிப்பேன்டா."

பையனுக்குத் தெரியாத ஒன்று இருந்தது. அவனைப் பெற்றவர் அவன் எட்டு மாதக் குழந்தையாக இருக்கும்போதே இறந்துவிட்டார். மெக்கானிக் அவன் அம்மாவை நிக்காஹ் செய்தபோது அவன் நடை பழகிக்கொண்டிருந்தான். பள்ளிக்கூடப் பதிவில் பெற்றவர் பெயர்தான், மார்க்கப்படி அது மாறக்கூடாது. பையனோ எழுத்துக் கூட்டிப் படிக்கிற வயதுக்கு வந்துவிட்டான். காயம் ஆறியதும் சொல்லிவிடலாம் என்று இருவரும் பேசி வைத்திருந்தார்கள்.

அன்று காலை பையனைக் குளிப்பாட்டிக் கூட்டிப் போனார்கள். இறந்தவரின் அண்ணன் கிளினிக் வாசலில் நின்றுகொண்டிருந்தார். வருஷத்துக்கு ஒரு தடவை எட்டிப் பார்ப்பவர். பையனுக்குப் பெரியத்தா.

"நான் உள்ள போறேன்" என்றார்.

"அண்ணே, நான் வர்றதா பிள்ளைகிட்ட சொல்லியிருக்கேன்."

"என் தம்பி பிள்ளை. எங்க ரத்தம். இதுக்குக்கூட நாங்க இல்லைன்னா என்ன அர்த்தம்?"

ஒருவர்தான் உள்ளே வரலாம் என்றார் நர்ஸ். காத்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மனைவி தலையைக் குனிந்துகொண்டாள். வாசலில் சண்டை எதற்கு என்று மெக்கானிக் விட்டுக்கொடுத்தான்.

கதவு மூடியது. உள்ளே டாக்டர் பிஸ்மில்லாஹ் சொல்வது கேட்டது. ஊசி ஏறியதும் பையன் அலறினான். "அத்தா! அத்தாவைக் கூப்பிடுங்க! அத்தா!"

மெக்கானிக் எழுந்து கதவில் கை வைத்தான். அதற்குள் பெரியத்தாவின் குரல் வெளியே வரை வந்தது.

"சும்மா கத்தாதடா. உங்க அத்தா மவுத்தாகி ஏழு வருஷமாச்சு. வெளிய நிக்கிறவன் உங்கம்மாவைக் கட்டினவன். நீ என் தம்பி மகன், தைரியமா இரு."

அழுகை கத்தரித்தாற்போல் நின்றது. மரத்துவிட்டதா என்று கிள்ளிப் பார்த்து, தோலை இழுத்துப் பிடித்து வெட்டி, தானே கரையும் நூலால் தைத்து, மருந்துத் துணி சுற்றி முடிக்க அரை மணி நேரம். "உங்க பிள்ளை சமர்த்து. அசையவே இல்லை" என்று டாக்டர் வெளியே வந்து புகழ்ந்தார்.

வீட்டில் ஃபேனுக்கு அடியில் மல்லாக்கப் படுக்க வைத்தார்கள். துணி உரசாமல் இருக்க மெக்கானிக் கைலியின் நடுவில் கயிறு கட்டி மேலே தூக்கிவிட்டான். முதல் தடவை மூத்திரம் போகும்போது எரியும், தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும் என்று டம்ளரை நீட்டினான்.

"அம்மா கொடுக்கட்டும். நீங்க போங்க."

இத்தனை வருஷத்தில் பையன் அவனை 'நீங்க' என்றதில்லை.

மூன்றாம் நாள் மருந்துத் துணி காயத்தோடு ஒட்டிக்கொண்டிருந்தது. வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்துப் பதமாக எடுக்க வேண்டும். மெக்கானிக் பாத்திரத்தோடு வந்ததும் பையன் கைலியை இழுத்து மூடிக்கொண்டான். மனைவி பாத்திரத்தை வாங்கிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். மெக்கானிக் அறைக்கு வெளியே நின்றபடியே, "இழுக்காத. இன்னும் கொஞ்சம் ஊத்து. தானா கழண்டு வரும்" என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

"நாம முன்னாடியே சொல்லியிருக்கணும்" என்றாள் அவள் வெளியே வந்து.

"நான் அன்னிக்கு வழிவிட்டிருக்கக் கூடாது" என்றான்.

பத்தாம் நாள், வீக்கம் வடிந்ததும், சொந்தக்காரர்கள் இருபது பேரைக் கூப்பிட்டார்கள். பையனுக்குப் புதுச்சட்டை, புதுக்கைலி, தலையில் தொப்பி. பெரியத்தா பக்கத்தில் உட்கார்ந்து அவன் கையில் கடிகாரம் கட்டிவிட்டார். வந்தவர்கள் பையனை முத்தமிட்டார்கள், அவருக்குக் கை கொடுத்தார்கள். பள்ளிவாசல் ஹஜ்ரத் துஆ ஓதினார். பேரீச்சம்பழத் தட்டு சுற்றியது.

"உள்ள யாரு பிடிச்சுக்கிட்டா?" என்று ஒரு மாமி கேட்டாள்.

"பெரியத்தா" என்றான் பையன்.

"அழுதியா?"

"கொஞ்சம்."

"யாரைக் கூப்பிட்டு அழுத?"

பையன் ஒரு நொடி தேநீர்த் தட்டோடு நின்ற மெக்கானிக்கைப் பார்த்தான். பிறகு கடிகாரத்தைப் பார்த்தான்.

"யாரையும் இல்லை."

மாமி சிரித்து அவன் கன்னத்தைக் கிள்ளினாள். பெரியத்தா தேநீரை எடுத்துக்கொண்டு, "தம்பி, அந்தப் பக்கம் இன்னும் நாலு பேருக்கு வரலை" என்றார். மெக்கானிக் தட்டை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் போனான்.