ஒட்டுத்தாளுக்குக் கீழே ஒரு வரி

எங்கள் கல்லூரியில் பி.எட். ரெக்கார்டு என்றால் ஜிகினா ஒட்டுவது ஒரு சாபக்கேடு. என் தோழி ஷஹனாஸும் ஒட்டியிருந்தாள். மறுநாள் வெளித்தேர்வாளர் வரவிருக்க, கைடு மேரி மிஸ் அவளது பயிற்சிக் கோப்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

“பாடக்குறிப்பு ஒரு பக்கம், புள்ளைங்க எழுதினது ஒரு பக்கம், உன் சிந்தனைக் குறிப்பு ஒரு பக்கம், நான் எழுதின கருத்து கடைசியில. நீ எப்படி வளர்ந்தேன்னு இதுல எங்கம்மா தெரியுது?”

இப்படியே நீட்டினால் செய்முறையில் தேறமாட்டாள். ஒரு வருடம் போச்சு. நூலகத் தரையில் உட்கார்ந்து மூக்கை உறிஞ்சினாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“அழுதுகினு இருந்தா ஆச்சா? ஃபைல் கயிற அவுருடி. பாடம் பாடமா அடுக்கலாம்.”

“பின்னம் கிளாஸ் மட்டும் வேணாம் ஷைனி. அது ஒரே பேஜாரு.”

“அதான் மொதல்ல.”

காக்களூர்ப் பள்ளியில் பயிற்சிக்காக அவள் நடத்திய வகுப்பு அது. அரையும் மூன்றில் ஒன்றும் கூட்டச் சொன்னால், பாதிப் பிள்ளைகள் மேல் எண்களைத் தனியாகவும் கீழ் எண்களைத் தனியாகவும் கூட்டி ஐந்தில் இரண்டு என்று எழுதியிருந்தார்கள். அந்தத் தாள்களை வைத்தோம். அடுத்து மிஸ்ஸின் கருத்து: ‘விடையை நீங்களே பலகையில் போட்டுவிட்டீர்கள். ஏன் தவறு என்று கேட்கவில்லை.’ அதன்பின் இவளது குறிப்பு: ‘நேரம் போதவில்லை.’ எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அடுத்த பாடக்குறிப்பில் காகிதப் பட்டைகளை மடிப்பதும், ‘ஏன்?’ என்ற கேள்வியும் இருந்தன. அந்த வகுப்பின் தாள் ஒன்றில் ஆறில் ஐந்து என்று விடை. பக்கத்தில் இவள் போட்ட டிக். பிள்ளையின் பெயர் தெரியாமலிருக்க ஒட்டிய தாளுக்குக் கீழே, சின்ன எழுத்தில் ஒரு வரி:

‘ஐந்தில் இரண்டு அரையை விடச் சின்னது. கூட்டினா எப்படி மிஸ் குறையும்?’

அம்மாடி! யாரும் சொல்லித்தராமல் ஒரு ஏழாம் வகுப்புப் பிள்ளை அந்தத் தப்பை வேரோடு பிடுங்கிப் போட்டிருக்கிறது.

ஷஹனாஸ் வாயைப் பொத்திக்கொண்டாள். “இத நான் படிக்கவே இல்லடி.”

பழைய குறிப்பை அடிக்கவில்லை. அதன் கீழே அன்றைய தேதி போட்டுப் புதிதாக எழுதினாள்: ‘நேரம் போதாதது காரணமில்லை. நான் கேட்கவில்லை. கேட்ட பிறகும் பதிலைப் படிக்கவில்லை.’

மறுநாள் தேர்வாளர் ஜிகினாவைப் புரட்டித் தள்ளிவிட்டு, அந்தப் பின்னப் பாடத்தில் நின்றார். முன்னும் பின்னும் புரட்டினார். கண்ணாடியைக் கழற்றினார்.

“சரியா வராத வகுப்ப ஏம்மா வெச்சீங்க?”

“அது இல்லன்னா இந்தக் கேள்வி வந்திருக்காது சார்.”

அவர் அந்த வரியை மெல்ல வாய்விட்டுப் படித்தார். பிறகு முழுத் திருப்தியோடு கையெழுத்துப் போட்டார்.

வெளியே வந்ததும் பிரியாணி கேட்டேன். அவள் காக்களூர் ஷேர் ஆட்டோவில் ஏறிவிட்டாள்.

“பிராக்டிஸ்தான் முடிஞ்சிருச்சே, அங்க இன்னாடி வேல?”

“அவ கேட்டதுக்கு வெறும் டிக் போட்டுட்டு வந்துட்டேன் ஷைனி. பதில் சொல்லணும்.”

நானும் ஏறிக்கொண்டேன்.